இரண்டு வாக்கியம், ஒரு மதிப்பெண்

கூற்று – காரணம் வகை வினாவில் மாணவருக்கு இரண்டு வாக்கியங்கள் தரப்படுகின்றன. முதலாவது கூற்று, இரண்டாவது காரணம். மாணவர் மூன்று முடிவுகளை எடுக்க வேண்டும். கூற்று சரியா? காரணம் என்று சொல்லப்பட்டது தன்னளவில் சரியா? இரண்டும் சரி என்றால், இரண்டாவது வாக்கியம் முதலாவதை விளக்குகிறதா, அல்லது பக்கத்தில் சும்மா நிற்கிறதா? வேதியியல் தேர்வுகளில் இந்த வகை நிலைத்துவிட்டதற்கு மூன்றாவது கேள்வியே காரணம். ஒரு வினைப்பொருளின் பெயரையோ ஒரு எண்ணையோ மனப்பாடம் செய்து எழுதிவிடலாம். எது எதனால் நடக்கிறது என்பதை அப்படிச் சமாளிப்பது கடினம்.

இரண்டு வாக்கியங்கள் சரி அல்லது தவறாக இருக்க நான்கு வழிகள் உண்டு: இரண்டும் சரி, கூற்று மட்டும் சரி, காரணம் மட்டும் சரி, இரண்டும் தவறு. ‘இரண்டும் சரி’ என்பது விளக்குகிறது, விளக்கவில்லை என்று மேலும் இரண்டாகப் பிரிவதால் மொத்தம் ஐந்து நிலைகள். ஆனால் வினாத்தாளில் விடைகளுக்கு நான்கு இடங்களே உள்ளன. ஆகவே ஏதாவது ஒரு நிலையைக் கைவிட்டாக வேண்டும். எதைக் கைவிடுவது என்பதில் தேர்வுகள் ஒத்துப்போவதில்லை.

சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் தாளிலும் நீட் தேர்விலும் ‘இரண்டும் தவறு’ என்பது கைவிடப்படுகிறது. நான்காவது விடையாக ‘கூற்று தவறு, காரணம் சரி’ என்பது நிற்கிறது. தமிழ்நாடு அரசின் மேல்நிலை வேதியியல் பாடநூலில் வரும் இவ்வகை வினாக்களில் பெரும்பாலும் இது தலைகீழ்: ‘ஈ’ என்ற இடத்தில் ‘கூற்று, காரணம் இரண்டும் தவறு’ என்றிருக்கும், காரணம் மட்டும் சரி என்ற நிலைக்கு அங்கே இடமில்லை. முதல் மூன்று விடைகள் இரண்டு முறைகளிலும் ஒன்றே: இரண்டும் சரி, காரணம் கூற்றுக்கான சரியான விளக்கம், இரண்டும் சரி, ஆனால் விளக்கமல்ல, கூற்று சரி, காரணம் தவறு.

இந்தச் சிறு வேறுபாடு பள்ளிகளில் உண்டாக்கும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. நீட் பயிற்சி நூலிலிருந்து ஒரு வினாவை எடுத்து, அரசுப் பாடநூலின் விடை வரிசையோடு ஒட்டி மாதிரித் தாள் தயாரிப்பது எளிது. எடுத்த வினாவில் கூற்று தவறாகவும் காரணம் சரியாகவும் இருந்தால், அந்தத் தாளில் அதற்கு விடையே இருக்காது. வினாவைத் தயாரித்தவர் விடைக்குறிப்பில் ‘ஈ’ என்று எழுதியிருப்பார். கவனமாகப் படித்த மாணவர்தான் திகைத்துப்போவார். விடை வரிசையை முதலில் எழுதி வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகே வாக்கியங்களை எழுதத் தொடங்குவது இதற்கு நல்ல மருந்து.

நான்கு விடைகளும் ஒரே கடினத்தில் இல்லை என்பதையும் இந்த வரிசையே தீர்மானிக்கிறது. நீட் வரிசையில் ‘கூற்று தவறு’ என்பது ஒரே ஒரு விடையில் மட்டும் வருகிறது. கூற்று தவறு என்று கண்டுபிடித்த மாணவர் காரணத்தைப் படிக்கவே தேவையில்லை, விடை நான்காவது. அதேபோல் காரணம் தவறு என்று உறுதியாகத் தெரிந்தால், கூற்றைப் பற்றி எதுவும் தெரியாமலே மூன்றாவதைக் குறித்துவிடலாம். அரசுப் பாடநூல் வரிசையில் கூற்று தவறு என்று தெரிந்தால் மட்டும் இந்தக் குறுக்குவழி கிடைக்கிறது. காரணம் தவறு என்று தெரிந்தால் ‘இ’, ‘ஈ’ இரண்டும் மிஞ்சும், கூற்றையும் யோசித்தாக வேண்டும். எந்த முறையானாலும் முழுப் பரிசோதனை நடப்பது இரண்டு வாக்கியங்களும் சரியாக உள்ள வினாக்களில்தான். மற்றவை, வேடம் மாற்றிய சரி – தவறு வினாக்களே. அவை வேண்டாம் என்பதல்ல. ஆனால் அவற்றின் எடை குறைவு என்பதை வினா தயாரிப்பவர் அறிந்திருக்க வேண்டும்.

வாக்கியங்களை எழுதும் வேலை பாடத்திலிருந்து அல்ல, மாணவர் வழக்கமாகச் செய்யும் பிழையிலிருந்து தொடங்குவது நல்லது. பதினொன்றாம் வகுப்பில் நன்கு தெரிந்த ஒரு பிழையை எடுத்துக்கொள்ளலாம். தனிம வரிசை அட்டவணையில் இடமிருந்து வலமாகப் போகப்போக அயனியாக்கும் ஆற்றல் கூடும் என்று மாணவர் படிக்கிறார். நைட்ரஜனுக்கு அடுத்து ஆக்சிஜன். எனவே ஆக்சிஜனுக்கே அதிகம் என்று எழுதுகிறார். உண்மையில் நைட்ரஜனின் முதல் அயனியாக்கும் ஆற்றல் மோலுக்கு ஏறத்தாழ 1402 கிலோஜூல். ஆக்சிஜனுக்கு 1314 தான். நைட்ரஜனின் மூன்று 2p ஆர்பிட்டால்களிலும் ஒவ்வோர் எலக்ட்ரான் இருக்கிறது. ஆக்சிஜனில் நான்காவது எலக்ட்ரான் ஏற்கெனவே ஆள் இருக்கும் ஓர் ஆர்பிட்டாலில் போய்ச் சேருவதால், இரண்டும் ஒன்றையொன்று விலக்குகின்றன. ஒன்றை வெளியேற்றுவது சற்று எளிதாகிறது. பாடநூல்கள் இதையே சரிபாதி நிரம்பிய ஆர்பிட்டால்களின் நிலைப்புத்தன்மை என்று சொல்கின்றன.

இந்த ஒரே செய்தியிலிருந்து ஐந்து நிலைகளுக்கும் வினா எழுத முடியும். கூற்று, ‘நைட்ரஜனின் முதல் அயனியாக்கும் ஆற்றல் ஆக்சிஜனுடையதைவிட அதிகம்’ என்றும், காரணம், ‘நைட்ரஜன் அணுவின் 2p ஆர்பிட்டால்கள் சரிபாதி நிரம்பியவை’ என்றும் இருந்தால் விடை முதலாவது. எழுதுவதற்கு எளிதானது இதுதான். பாடநூலில் ‘ஏனெனில்’ என்று வரும் ஒரு வாக்கியத்தை இரண்டாக வெட்டினால் போதும். அதனாலேயே பல தாள்களில் முதல் விடைகள் தேவைக்கு மேல் குவிந்துவிடுகின்றன. தெரியாவிட்டால் முதலாவதைக் குறி என்று மாணவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வது இப்படித்தான் உண்மையாகிவிடுகிறது.

இரண்டாம் விடைக்குக் காரணத்தை மாற்ற வேண்டும். சரியான, ஆனால் தொடர்பில்லாத ஒரு வாக்கியம் தேவை. ‘ஆக்சிஜனின் எலக்ட்ரான் கவர்தன்மை நைட்ரஜனைவிட அதிகம்’ என்று போடலாம். அது உண்மைதான். ஆனால் கூற்றுக்கு எதிர்த்திசையில் இழுப்பதால், படித்த மறுகணமே மாணவர் அதை ஒதுக்கிவிடுவார். ‘நைட்ரஜன் மூலக்கூறில் இரு அணுக்களுக்கிடையே முப்பிணைப்பு உள்ளது’ என்று போட்டுப் பார்த்தால் கதை வேறு. நைட்ரஜன் நிலைப்புத்தன்மை உடையது, எளிதில் வினைபுரியாது என்பதற்கு மாணவர் கேட்டுப் பழகிய காரணம் அது. ஆனால் முப்பிணைப்பு விளக்குவது மூலக்கூறின் மந்தத்தன்மையை. அயனியாக்கும் ஆற்றல் தனித்த அணுவைப் பற்றியது. அணுவையும் மூலக்கூறையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் இரண்டாவதைக் குறிப்பார், தெரியாதவர் முதலாவதைக் குறிப்பார். இரண்டாம் விடை வினா ஒன்றின் தரம் இதில்தான் அடங்கியிருக்கிறது: தொடர்பில்லாத உண்மை, தொடர்புள்ளது போலத் தோன்ற வேண்டும்.

மூன்றாம் விடைக்குக் காரணம் தவறாக இருக்க வேண்டும். ஆனால் அப்பட்டமாக அல்ல. ‘நைட்ரஜன் அணுக்கருவில் ஆக்சிஜனைவிட அதிகப் புரோட்டான்கள் உள்ளன’ என்று எழுதினால் ஏழுக்கும் எட்டுக்கும் வித்தியாசம் தெரிந்த எவரும் தப்பிவிடுவார். ‘ஆக்சிஜனின் வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள் நைட்ரஜனுடையவற்றைவிட ஓர் ஆற்றல் மட்டம் தள்ளி உள்ளன’ என்பது கொஞ்சம் வேலை வாங்கும். தொகுதியில் மேலிருந்து கீழே வரும்போது பொருந்தும் விளக்கத்தை, பக்கவாட்டில் நகரும் இடத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறது அது. இரண்டு தனிமங்களுமே இரண்டாவது வரிசையில் உள்ளவை என்பதை நினைவுகூர்ந்தால் தவறு பிடிபடும்.

நீட் வரிசையின் நான்காம் விடைக்கு மாணவரின் பிழையையே கூற்றாக்க வேண்டும்: ‘ஆக்சிஜனின் முதல் அயனியாக்கும் ஆற்றல் நைட்ரஜனுடையதைவிட அதிகம்.’ காரணம்: ‘ஆக்சிஜனின் அணுக்கரு மின்சுமை நைட்ரஜனுடையதைவிட அதிகம்.’ காரணம் உண்மை. அந்த உண்மையே தவறான கூற்றுக்கு மாணவர் தானாகச் சொல்லக்கூடிய நியாயம். இந்த ஐந்தில் சிறந்தது இதுவே எனலாம். விதியை மட்டும் படித்தவர் முதல் விடையில் விழுவார், விதிவிலக்கையும் படித்தவர் நான்காவதுக்குப் போவார், இடையில் யாரும் தங்க மாட்டார்கள். கூற்றை அப்படியே வைத்து, காரணத்தை ‘ஆக்சிஜன் அணுவின் 2p ஆர்பிட்டால்கள் சரிபாதி நிரம்பியவை’ என்று மாற்றினால் இரண்டும் தவறாகி, அரசுப் பாடநூல் வரிசையின் ‘ஈ’க்குப் பொருந்தும்.

சர்ச்சை எழுவது எப்போதும் முதல் விடைக்கும் இரண்டாம் விடைக்கும் இடையிலான எல்லையில்தான். வாக்கியம் சரியா தவறா என்பதை நூலைத் திறந்து பார்த்துச் சொல்லிவிடலாம். ‘விளக்குகிறதா’ என்பதற்கு நூலில் தனிப் பக்கம் கிடையாது. ஹைட்ரஜன் புளோரைடை வைத்து இதைப் பார்க்கலாம். கூற்று: ‘HF-இன் கொதிநிலை HCl-இன் கொதிநிலையைவிட அதிகம்.’ முன்னது ஏறத்தாழ 20 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது, பின்னது சுழியத்துக்குக் கீழே 85 டிகிரியில், கூற்றில் ஐயமில்லை. காரணமாக ‘HF மூலக்கூறுகளுக்கிடையே ஹைட்ரஜன் பிணைப்புகள் உள்ளன’ என்று வைத்தால் விடை முதலாவது. யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

‘H–F பிணைப்பை உடைக்கத் தேவையான ஆற்றல் H–Cl பிணைப்புக்குத் தேவையானதைவிட அதிகம்’ என்று வைத்தால்? இதுவும் உண்மை, மோலுக்கு ஏறத்தாழ 565 கிலோஜூலும் 431 கிலோஜூலும். பிணைப்பு வலிமையானது, ஆகவே கொதிக்க வைக்கக் கடினம் என்று சொல்லிப் பார்த்தால் காதுக்கு இதமாகவே இருக்கிறது. ஆனால் ஒரு திரவம் கொதிக்கும்போது மூலக்கூறு உடைவதில்லை. மூலக்கூறுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போகின்றன, அவ்வளவுதான். H–F பிணைப்பு கொதிக்கும் முன்பும் பின்பும் அப்படியே இருக்கிறது. எனவே விடை இரண்டாவது. மூலக்கூறுக்கு உள்ளே உள்ள பிணைப்புக்கும் மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள ஈர்ப்புக்கும் வேறுபாடு தெரியாத மாணவரை இதைவிடத் துல்லியமாகக் கண்டுபிடிக்கும் வினா அரிது.

மூன்றாவதாக, ‘தனிமங்களில் அதிக எலக்ட்ரான் கவர்தன்மை கொண்டது புளோரின்’ என்று காரணத்தை எழுதினால் ஆசிரியர் அறையில் விவாதம் தொடங்கிவிடும். ஹைட்ரஜன் பிணைப்பு உருவாகவே புளோரினின் கவர்தன்மைதானே காரணம், எனவே முதல் விடை என்பார் ஒருவர். அந்த வாக்கியம் மூலக்கூறுகளுக்கிடையேயான ஈர்ப்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, பாதி வழியில் நிற்கிறது, எனவே இரண்டாம் விடை என்பார் இன்னொருவர். இருவரும் வேதியியல் தெரிந்தவர்களே. பிழை வினாவில் இருக்கிறது. காரணத்துக்கும் கூற்றுக்கும் நடுவே மாணவர் தாமே இட்டு நிரப்ப வேண்டிய ஒரு படி விடுபட்டிருந்தால், அந்த வினாவுக்கு ஒரே விடை இருக்காது. அந்தப் படியைக் காரணத்துக்குள்ளேயே எழுதிவிட வேண்டும், அல்லது அந்தக் காரணத்தையே விட்டுவிட வேண்டும்.

எல்லையைச் சோதிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கூற்றைச் சொல்லி ‘ஏனெனில்’ என்று சேர்த்து, காரணத்தை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது. இது பொருந்தாதவற்றை வடிகட்டும். ஆனால் மேலே கண்ட பிணைப்பு ஆற்றல் போன்ற ஏமாற்று உண்மைகளை விட்டுவிடும். இரண்டாவது வழி அதைவிடக் கறாரானது: காரணத்தில் சொன்னது உண்மையல்ல என்று வைத்துக்கொண்டால் கூற்றும் விழுமா? HF மூலக்கூறுகளுக்கிடையே ஹைட்ரஜன் பிணைப்பு இல்லாவிட்டால், அதைவிட எடை கூடிய HCl முந்திக்கொள்ள வாய்ப்பு உண்டு. கூற்று விழுகிறது, ஆகவே அது விளக்கம். H–F பிணைப்பு சற்று வலிமை குறைந்ததாக இருந்து, ஹைட்ரஜன் பிணைப்பு மட்டும் அப்படியே இருந்தால்? கொதிநிலை பெரிதாக மாறக் காரணமில்லை. கூற்று நிற்கிறது, ஆகவே அது விளக்கமல்ல.

வாக்கியத்தின் உண்மையும் சில நேரம் நழுவும். ‘தூய நீரின் pH மதிப்பு 7’ என்ற வாக்கியம் 25 டிகிரி செல்சியஸுக்குத்தான் சரி. சூடாக்கினால் நீரின் அயனியாதல் கூடுகிறது, pH இறங்குகிறது. 60 டிகிரியில் ஏறத்தாழ 6.5. வெப்பநிலையைக் குறிப்பிடாமல் அந்த வாக்கியத்தைக் கூற்றாக வைத்தால், நன்றாகப் படித்த மாணவர் ‘தவறு’ என்பார், மேலோட்டமாகப் படித்தவர் ‘சரி’ என்று சொல்லி மதிப்பெண் வாங்குவார். இதையே நல்ல வினாவாகவும் திருப்பலாம். கூற்று: ‘தூய நீரைச் சூடாக்கும்போது அதன் pH குறைகிறது.’ காரணம்: ‘சூடாக்கும்போது தூய நீர் அமிலத்தன்மை அடைகிறது.’ கூற்று சரி. காரணம் தவறு, ஹைட்ரஜன் அயனிகளும் ஹைட்ராக்சைடு அயனிகளும் சம அளவில்தான் கூடுகின்றன, நீர் நடுநிலையாகவே இருக்கிறது. விடை மூன்றாவது. pH ஏழுக்குக் கீழே போனாலே அமிலம் என்று நினைப்பவர் முதல் விடையைக் குறிப்பார்.

‘எல்லா’, ‘எப்போதும்’ போன்ற சொற்களும், அவை சொல்லாமலே தொக்கி நிற்கும் வாக்கியங்களும் எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும் என்பதற்கு 2024 நீட் தேர்வு சான்று. இயற்பியல் பகுதியில் வந்த அந்த வினா கூற்று – காரணம் அல்ல, அதன் உறவுக்கார வடிவம்: இரண்டு வாக்கியங்கள் தந்து எவை சரி என்று மட்டும் கேட்பது. இரண்டாம் வாக்கியம், ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் நிலைப்புத்தன்மை கொண்டவை, தமக்கே உரிய நிறமாலையை வெளிவிடுபவை என்ற பொருளில் இருந்தது. கதிரியக்கத் தனிமங்கள் இருப்பதால் அது தவறு. ஆனால் என்.சி.இ.ஆர்.டி. பாடநூலின் பழைய பதிப்பில் அப்படித்தான் இருந்தது. புதிய பதிப்பில் அது ‘பெரும்பாலான தனிமங்கள்’ என்று திருத்தப்பட்டிருந்தது. தேர்வு முகமை முதலில் இரண்டு விடைகளுக்குமே மதிப்பெண் தந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2024 ஜூலையில் டெல்லி ஐ.ஐ.டி. நிபுணர்களின் கருத்துக் கேட்கப்பட்டு, ஒரே விடைதான் சரி என்று முடிவாயிற்று. பழைய நூலை நம்பிக் குறித்த நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு 4 மதிப்பெண் பறிபோனதோடு, தவறான விடைக்காக ஒன்று கழிக்கவும் பட்டது, மொத்தம் ஐந்து. ‘பெரும்பாலான’ என்ற ஒற்றைச் சொல்லின் விலை அது.

மதிப்பெண் முறைக்கு வருவோம். சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் எழுத்துத் தாள் 70 மதிப்பெண்களுக்கானது. அண்மை ஆண்டுகளின் அமைப்பில், முதல் பிரிவிலுள்ள 16 ஒரு மதிப்பெண் வினாக்களில் கடைசி நான்கு கூற்று – காரணம் வகை. சரியான விடைக்கு 1, மற்ற எதற்கும் 0, கழிப்பு இல்லை. தமிழ்நாடு பன்னிரண்டாம் வகுப்புத் தாளிலும் சரியான விடைக்கு 1, தவறுக்குக் கழிப்பு இல்லை. நீட் தேர்வில் சரிக்கு 4, தவறுக்கு ஒன்று கழிவு, விட்டுவிட்டால் 0.

எல்லா முறைகளுக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு: விடைகளுக்கிடையே தரவரிசை கிடையாது. HF பற்றிய பிணைப்பு ஆற்றல் வினாவில், இரண்டு வாக்கியங்களும் உண்மை என்று சரியாகக் கண்டுபிடித்து, விளக்கத்தில் மட்டும் சறுக்கி முதலாவதைக் குறித்தவருக்கும், HF-இன் கொதிநிலையே குறைவு என்று நினைத்து நான்காவதைக் குறித்தவருக்கும் ஒரே சுழியம். நீட்டில் ஒரே கழிப்பு. முக்கால்வாசி அறிந்தவரும் ஒன்றும் அறியாதவரும் ஒரே வரிசையில் உட்காருகிறார்கள். இது நியாயமா என்று கேட்டால், ஒரு தனி வினாவில் நியாயமில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

ஊகம் இந்த ஏற்றத்தாழ்வை ஓரளவு ஈடுகட்டுகிறது. ஒன்றுமே தெரியாமல் நான்கு வினாக்களைக் குருட்டாம்போக்கில் குறிப்பவருக்கு நீட் முறையில் சராசரியாக ஒன்று சரியாகி 4 கிடைக்கும், மூன்று தவறாகி 3 போகும். மிச்சம், வினாவுக்குக் கால் மதிப்பெண். இரண்டு வாக்கியங்களும் சரி என்று உறுதியாகத் தெரிந்து, விளக்கம் மட்டும் தெரியாதவருக்கு மிஞ்சுவது இரண்டே விடைகள். அப்படிப்பட்ட இரண்டு வினாக்களில் ஒன்று சரி, ஒன்று தவறு என்று வைத்தால் 4-இல் ஒன்று கழிந்து 3, வினாவுக்கு ஒன்றரை. ஆக, பாதி அறிவுக்கு மதிப்பெண் அறவே இல்லை என்பதில்லை. பல வினாக்களில் பரவி, அதிர்ஷ்டத்தின் வழியாக வந்து சேர்கிறது. வினாக்களின் எண்ணிக்கை குறைவாக இருந்தால் அந்த அதிர்ஷ்டம் சமன்படாது என்பதுதான் சிக்கல்.

வகுப்புத் தேர்வில் ஆசிரியருக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அதே வினாவை இரண்டு மதிப்பெண்ணுக்கு வைத்து, கூற்றைப் பற்றிய முடிவுக்கு அரை, காரணத்தைப் பற்றிய முடிவுக்கு அரை, மீதி ஒன்றை விளக்கத்துக்கு ஒதுக்கலாம். இரண்டும் சரியாக உள்ள வினாவில், காரணம் ஏன் விளக்கமாகிறது அல்லது ஆகவில்லை என்று மாணவர் ஒரு வரி எழுத வேண்டும். ஏதாவது ஒரு வாக்கியம் தவறாக இருந்தால், அதைத் திருத்தி எழுதுவதற்கு அந்த ஒரு மதிப்பெண். ‘கொதிக்கும்போது H–F பிணைப்பு உடைவதில்லை’ என்ற ஒற்றை வரி, விடையை ஊகித்தவரையும் அறிந்தவரையும் பிரித்துவிடும். திருத்துவதற்கு நேரம் பிடிக்கும் என்பது உண்மை. எனவே ஒரு தேர்வில் இரண்டுக்கு மேல் இப்படி வைப்பது நடைமுறைக்கு ஒத்துவராது.

வினாவோடு எழுதி வைக்க வேண்டிய விடைக்குறிப்பும் ஓர் எழுத்தோடு நின்றுவிடக் கூடாது. ஒவ்வொரு விடையையும் ஒரு மாணவர் ஏன் தேர்ந்தெடுப்பார் என்பதை அது சொல்ல வேண்டும். பிணைப்பு ஆற்றல் வினாவுக்கு அது இப்படி அமையும். சரியான விடை இரண்டாவது: இரு வாக்கியங்களும் உண்மை, ஆனால் கொதிநிலையைத் தீர்மானிப்பது மூலக்கூறுகளுக்கிடையேயான ஹைட்ரஜன் பிணைப்பு, முழு மதிப்பெண். முதலாவதைக் குறித்தவர் கொதித்தலைப் பிணைப்பு உடைதலாகக் கருதுகிறார், மதிப்பெண் இல்லை. மூன்றாவதைக் குறித்தவருக்குக் கூற்று தெரிந்திருக்கிறது, ஆனால் குளோரின் பெரிய அணு என்பதால் H–Cl பிணைப்பே வலிமையானது என்று நினைக்கிறார், அணு பெரிதாகும்போது பிணைப்பு நீண்டு வலிமை குறைவதை அவர் கவனிக்கவில்லை, மதிப்பெண் இல்லை. நான்காவதைக் குறித்தவர், மூலக்கூறு எடை கூடினால் கொதிநிலை கூடும் என்ற பொது விதியை இங்கேயும் பொருத்தி HCl-க்கே அதிகம் என்கிறார், மதிப்பெண் இல்லை. மூன்று சுழியங்கள், மூன்று வெவ்வேறு பாடங்கள். இப்படி ஒரு விடைக்கு எந்தப் பிழையும் பொருந்தவில்லை என்றால், அந்த விடையை யாரும் குறிக்கப்போவதில்லை என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.

தேர்வு முடிந்தபின் விடைத்தாள்களை எண்ணிப் பார்த்தால் குறிப்பு எவ்வளவு சரி என்பது தெரியும். எடுத்துக்காட்டாக, 40 பேர் உள்ள வகுப்பில் அந்த வினாவுக்கு முதலாவதை 17 பேரும், இரண்டாவதை 15 பேரும், மூன்றாவதை 3 பேரும், நான்காவதை 5 பேரும் குறித்திருப்பதாக வைத்துக்கொள்வோம். சரியான விடையைவிடத் தவறான விடைக்கு அதிகம் பேர் போயிருக்கிறார்கள் என்பதாலேயே வினா மோசம் என்று ஆகிவிடாது. மொத்தத் தேர்வில் முன்னணியில் உள்ள பத்துப் பேரும் கடைசிப் பத்துப் பேரும் எதைக் குறித்தார்கள் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். முன்னணியினரில் எட்டுப் பேர் இரண்டாவதையும், பின்வரிசையினரில் எட்டுப் பேர் முதலாவதையும் குறித்திருந்தால் வினா தன் வேலையைச் செய்திருக்கிறது; அடுத்த வகுப்பில் கொதித்தலை மறுபடி நடத்தினால் போதும். முன்னணியினரே பாதிப் பாதியாகப் பிரிந்து நின்றால், அவர்களில் ஓரிருவரைக் கூப்பிட்டு ஏன் அப்படிக் குறித்தாய் என்று கேட்க வேண்டும். ‘பிணைப்பு வலிமையாக இருந்தால் முனைவுத்தன்மையும் கூடும், அதனால் ஈர்ப்பும் கூடும் என்று எடுத்துக்கொண்டேன்’ என்பது போன்ற பதில் வந்தால், மாணவர் விடுபட்ட படி ஒன்றைத் தாமே நிரப்பியிருக்கிறார். அந்த வழியை வாக்கியம் திறந்து விட்டிருக்கிறதா என்று பார்த்து, காரணத்தை ‘ஒரு HF மூலக்கூறைத் தனி அணுக்களாகப் பிரிக்கத் தேவையான ஆற்றல், ஒரு HCl மூலக்கூறுக்குத் தேவையானதைவிட அதிகம்’ என்று மாற்றி எழுதிவிட்டால், அடுத்த ஆண்டு அதே வினாவை மீண்டும் தாளில் வைக்கலாம்.